அறுத்த நெல்லும் வளர்ந்த ஆடும்: விற்பதற்கு முன்பே கணக்கில் ஏறும் லாபம்

கேள்வி: "சார், செங்குன்றத்தில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். எங்கள் தாய் நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலானது. பொன்னேரி பக்கம் எங்களுக்குப் பண்ணை இருக்கிறது. நெல் போடுகிறோம், செம்மறி ஆடு வளர்க்கிறோம். அறுத்த நெல்லை ஆன செலவுக்கு இருப்பு வைக்கக் கூடாது, சந்தை மதிப்பில் விற்பனைச் செலவைக் கழித்துத்தான் வைக்க வேண்டும் என்கிறார் ஆடிட்டர். ஆடு வளர்ந்ததற்கும் லாபம் காட்ட வேண்டுமாம். ஒன்றையும் விற்காமல் லாபம் எப்படி வரும்? பதிவு எப்படிப் போடுவது?"

உங்கள் ஆடிட்டர் சொல்வது சரி. உங்கள் கம்பெனி சின்னதாக இருக்கலாம், ஆனால் தாய் நிறுவனம் பட்டியலானது என்பதால் நீங்களும் இந்தியக் கணக்கியல் தரநிலைகளுக்குள் வந்துவிடுகிறீர்கள். நிகர மதிப்பு 500 கோடியோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிகளுக்கு அவை 2016 ஏப்ரலிலும், மற்ற பட்டியலான கம்பெனிகளுக்கு 2017 ஏப்ரலிலும் கட்டாயமாயின. அந்தக் கம்பெனிகளின் துணை நிறுவனங்களும் அதே வரிசையில் சேர்ந்தன. (சிறு நிறுவனங்களுக்கான தனிச் சந்தையில் மட்டும் பட்டியலான கம்பெனிக்கு விலக்கு உண்டு, உங்கள் தாய் நிறுவனம் எங்கே பட்டியலாகியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.) விவசாயத்துக்கான தரநிலையின் எண் 41. பக்கத்து ஊரில் தனியாகப் பண்ணை வைத்திருக்கும் உங்கள் நண்பருக்கோ, ஒரு கூட்டாண்மை நிறுவனத்துக்கோ இது பொருந்தாது. அவர்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

"விற்காமல் லாபம் எப்படி?" என்பதுதான் உங்கள் மனதில் உறுத்துகிற இடம், அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஒரு நாற்காலி செய்கிற பட்டறையில் மரம், கூலி, வார்னிஷ் எல்லாவற்றையும் கூட்டினால் நாற்காலியின் அடக்கம் வந்துவிடும். அடுத்து நடக்கிற முக்கியமான விஷயம் விற்பனை, லாபம் பிறப்பதும் அங்கேதான். பண்ணையில் அப்படி இல்லை. பத்துக் கிலோ குட்டி பதினெட்டுக் கிலோ கிடாவாக ஆவதுதான் அங்கே நடக்கிற பெரிய விஷயம். விற்பது அரை நாள் வேலை. ஆறு மாதம் நடந்த வளர்ச்சியைக் கணக்கில் காட்டாமல் அந்த அரை நாளில் மொத்த லாபமும் வந்ததாக எழுதினால், எந்த ஆண்டில் உழைப்பு பலித்தது என்பதே தெரியாமல் போகும். ஆகவே வளர்ச்சி நடக்கும்போதே அதைக் கணக்கில் எழுதச் சொல்கிறது தரநிலை.

இதில் மூன்று கட்டங்கள் இருக்கின்றன. அவற்றைக் கலந்துவிடாமல் இருந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். உயிரோடு இருக்கும்வரை, அதாவது வயலில் நிற்கிற பயிரும் பட்டியில் நிற்கிற ஆடும், உயிரியல் சொத்து. ஒவ்வொரு கணக்கு முடிவு நாளிலும் அதை நியாய மதிப்பில், அதாவது அன்று சந்தையில் விற்றால் கிடைக்கும் விலையில், விற்பனைச் செலவைக் கழித்து எழுத வேண்டும். அறுத்த அந்தக் கணத்தில் அது விளைபொருள் ஆகிறது. அப்போது ஒரே ஒருமுறை அதே முறையில் மதிப்பிட வேண்டும். அதற்குப் பிறகு அது சாதாரணச் சரக்கு இருப்பு. இருப்புக்கான தரநிலை 2 பொறுப்பேற்றுக்கொள்ளும். அறுவடை நாளில் போட்ட மதிப்புதான் அந்த இருப்பின் 'அடக்க விலை'. ஆக, நெல்லுக்குச் சந்தை மதிப்பு என்பது அறுத்த நாளோடு முடிந்துவிடுகிறது. ஆட்டுக்கு அது உயிரோடு இருக்கும்வரை ஒவ்வொரு முடிவு நாளிலும் தொடர்கிறது. உங்கள் ஆடிட்டர் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதால் ஒன்றுபோலத் தோன்றியிருக்கும்.

முதலில் நெல். சம்பாவை எடுத்துக்கொள்வோம்: ஆகஸ்டில் விதைத்து ஜனவரியில் அறுத்தது, எல்லாம் ஒரே நிதியாண்டுக்குள். எண்கள் என்னுடையவை, உங்கள் பண்ணைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். பதினாறு ஏக்கர், ஏக்கருக்கு 25 குவிண்டால், மொத்தம் 400 குவிண்டால். உழவு, விதை, உரம், களையெடுப்பு, அறுவடை எந்திர வாடகை எல்லாம் சேர்த்து ஆன செலவு 4,80,000 ரூபாய். அறுத்த அன்று செங்குன்றம் மண்டியில் இந்த ரகத்துக்கு, இதே ஈரப்பதத்தில், குவிண்டால் 2,300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பண்ணையிலிருந்து தச்சூர் கூட்டுச்சாலை வழியாகச் செங்குன்றத்துக்கு லாரி வாடகையும் ஏற்று இறக்குக் கூலியுமாகக் குவிண்டாலுக்கு 50. மண்டியில் தரகு 50.

இந்த இரண்டு ஐம்பதும் ஒன்றல்ல. நெல் கிடப்பது பொன்னேரியில், விலை கேட்பது செங்குன்றத்தில். சரக்கு இருக்கும் இடமே அதன் தன்மைகளில் ஒன்று என்பதால், அங்கே கொண்டுபோகிற செலவைக் கழித்தால்தான் பண்ணையில் கிடக்கும் நெல்லின் நியாய மதிப்பு வரும்: 2,250. தரகுதான் விற்பனைச் செலவு, ஏனென்றால் விற்றால் மட்டுமே அது வரும், விற்காவிட்டால் வராது. அதையும் கழித்தால் 2,200. கடைசி எண் ஒன்றாகவே வந்தாலும், நியாய மதிப்பு எவ்வளவு, விற்பனைச் செலவு எவ்வளவு என்று குறிப்புகளில் தனித்தனியாக எழுதும்போது லாரி வாடகையை விற்பனைச் செலவில் போட்டால் தவறு. அதேபோல வங்கி வட்டி, வருமான வரி, பண்ணை மேலாளர் சம்பளம் இவற்றை விற்பனைச் செலவாகக் கழிக்கக் கூடாது. முதல் இரண்டையும் தரநிலையே வெளியே வைத்துவிட்டது. மூன்றாவது, விற்றாலும் விற்காவிட்டாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

400 குவிண்டாலை 2,200 ஆல் பெருக்கினால் 8,80,000. பதிவு இதுதான்: நெல் இருப்புக் கணக்கில் பற்று 8,80,000; அறுவடை விளைபொருளின் நியாய மதிப்பு ஆதாயம் என்ற கணக்கில் வரவு 8,80,000. சாகுபடிச் செலவு 4,80,000 ஏற்கெனவே செலவாக எழுதப்பட்டிருக்கும். நெல்லில் வந்த லாபம் 4,00,000. மண்டிக்கு ஒரு மூட்டைகூடப் போகாமலே இது வந்துவிட்டது. இது விவசாயம் செய்து வந்த லாபம். இனிமேல் அந்த நெல்லால் வருவது வியாபார லாபமோ நஷ்டமோதான். (தாய் நிறுவனம் மூன்று மாதத்துக்கொருமுறை கணக்கு வெளியிடுவதால், டிசம்பர் 31 அன்று வயலில் நின்ற சம்பாவையும் அவர்கள் கேட்பார்கள். அப்போது இந்த ஆதாயம் இரண்டு காலாண்டுக்கும் பிரியும். ஆண்டின் மொத்தம் மாறாது.)

ஈரப்பதத்தை ஏன் குறிப்பிட்டேன் என்றால், பெரும்பாலான தவறுகள் அங்கேதான் நடக்கின்றன. எந்திரம் அறுத்துக் கொட்டுகிற நெல்லில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேலேயே இருக்கும். அரசு கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் வரைதான் பொதுவான அளவு. மண்டியிலும் காய்ந்த நெல்லுக்கு ஒரு விலை, ஈர நெல்லுக்கு ஒரு விலை. கணக்கெழுதுகிறவர் காய்ந்த நெல்லின் விலையைக் கேட்டு வாங்கி, அறுத்த அன்றைய ஈர எடையால் பெருக்கிவிடுகிறார். விலையும் அதிகம், எடையும் அதிகம். மதிப்பு இரண்டு பக்கமும் ஊதிவிடுகிறது. அறுத்த கணத்தில் சரக்கு எப்படி இருந்ததோ அப்படியே மதிப்பிட வேண்டும்: ஈர எடை என்றால் ஈர நெல்லின் விலை. இதைக் கண்டுபிடிப்பதும் சுலபம். களத்தில் காய வைத்த பிறகு கிடங்குப் பதிவேட்டில் எடை குறைந்திருக்கும். கணக்கில் 'எடை இழப்பு' என்று ஒரு நஷ்டம் தனியாக நின்றால், அறுவடை நாள் மதிப்பை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

நம் எடுத்துக்காட்டில் 21 சதவீத ஈரம் 17க்கு இறங்கினால் 400 குவிண்டால் சுமார் 380 ஆகும். காய வைத்த கூலி 13,000. அறுவடைக்குப் பிந்தைய செலவு என்பதால் இது தரநிலை 41க்குள் வராது, இருப்பின் அடக்கத்தில் சேரும். 8,80,000 உடன் 13,000 சேர்ந்தால் 8,93,000. அதை 380 ஆல் வகுத்தால் குவிண்டால் 2,350. எடைக் குறைவு தனி நஷ்டமாக எங்கும் நிற்கவில்லை பாருங்கள்.

பிப்ரவரியில் 180 குவிண்டாலை 2,550க்கு விற்றீர்கள். லாரி, தரகு 100 போக 2,450. அடக்கம் 2,350. லாபம் குவிண்டாலுக்கு 100 ரூபாய்தான். "இவ்வளவு குறைவா?" என்று உங்கள் முதலாளி கேட்பார். பழைய முறையில் விற்றபோது மொத்த லாபமும் சேர்ந்து தெரிந்ததால் அந்தச் சந்தேகம் வரும். ஜனவரியிலேயே விற்காமல் காய வைத்து, ஒரு மாதம் கிடங்கில் வைத்ததால் கிடைத்தது இந்த நூறு மட்டுமே. காத்திருந்தது லாபமா என்று முடிவெடுக்க இதைவிடத் தெளிவான எண் பழைய கணக்கில் கிடைக்காது. எனக்கு இந்தத் தரநிலையில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

மீதி 200 குவிண்டால் மார்ச் 31 அன்று கிடங்கில் இருக்கிறது. மண்டி விலை 2,600க்கு ஏறிவிட்டது. இங்கே சிலர் ஆர்வத்தில் மறுபடியும் சந்தை மதிப்புக்கு ஏற்றிவிடுகிறார்கள். அது கூடாது. இப்போது இது இருப்பு; அடக்கமும் நிகர விற்பனை மதிப்பும் எது குறைவோ அதுதான். 2,350லேயே நிற்கும், 4,70,000. விலை 2,400க்கு இறங்கியிருந்தால் செலவு போக 2,300. குவிண்டாலுக்கு 50 வீதம் 10,000 ரூபாயை நஷ்டமாக எழுதிக் குறைக்க வேண்டும். இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. அறுவடைக்குப் பிறகும் விளைபொருளை நிகர விற்பனை மதிப்பிலேயே வைப்பது அந்தத் தொழிலில் வேரூன்றிய வழக்கம் என்றால் அப்படியே வைக்கலாம். அரசின் கொள்முதல் உத்தரவாதமோ முன்கூட்டிய விற்பனை ஒப்பந்தமோ இருக்கிற நிலைமைகளை மனதில் வைத்துத்தான் அது எழுதப்பட்டது. உங்கள் கம்பெனி அந்த வழியில் போனால் ஆண்டுதோறும் அப்படியே போக வேண்டும். ஏறும் ஆண்டில் மட்டும் பயன்படுத்துகிற வசதி அல்ல அது.

அப்புறம் வைக்கோல். அதையும் அறுவடை விளைபொருளாகவே எழுத வேண்டும், ஆனால் பலர் மறந்துவிடுகிறார்கள். கட்டுக் கட்டாகக் கட்டிச் சொந்த ஆட்டுக்கே போட்டாலும் அதற்குச் சந்தை விலை இருக்கிறது. அறுவடை நாளில் அந்த மதிப்பில் இருப்பாக எழுதி, போடப் போடத் தீவனச் செலவாக மாற்றுங்கள். எழுதாமல் விட்டால் நெல் பக்கம் லாபம் குறைவாகவும், ஆட்டுப் பக்கம் அதிகமாகவும் தெரியும்.

சம்பாவுக்கு இவ்வளவு போதும். நவரைதான் சிக்கல். டிசம்பர், ஜனவரியில் நட்ட நவரை மார்ச் 31 அன்று வயலில் நிற்கும், ஏப்ரலில் அறுப்பீர்கள். முடிவு நாளில் நிற்கிற பயிரையும் மதிப்பிட்டாக வேண்டும். கதிர் பால் பிடித்த நிலையில் நிற்கும் நெல்லுக்குச் சந்தை விலை கிடையாது. எனவே எதிர்பார்க்கும் மகசூலை மார்ச் 31 நிலவரப்படி எதிர்பார்க்கிற விலையால் பெருக்கி, இனிமேல் ஆகப்போகிற தண்ணீர், மருந்து, அறுவடைச் செலவுகளைக் கழித்து, மழை, பூச்சி அபாயத்துக்குக் கொஞ்சம் தள்ளி மதிப்பிடுவார்கள். நட்டு சில நாள்தான் ஆகியிருந்தால் ஆன செலவையே மதிப்பாக எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் வளர்ச்சி பெரிதாக நடந்திருக்காது. மார்ச் கடைசி நவரைக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

ஆபத்து ஏப்ரலில் வருகிறது. நிற்கிற பயிரை மார்ச் 31 அன்று 5,00,000 என்று எழுதி, அதற்கான ஆதாயத்தையும் அந்த ஆண்டிலேயே காட்டிவிட்டீர்கள். ஏப்ரலில் அறுத்தபோது நெல்லின் மதிப்பு 6,00,000. சம்பாவுக்குப் போட்ட அதே பதிவைப் பழக்கதோஷத்தில் போட்டால் 6,00,000 முழுவதும் ஆதாயமாகிவிடும். ஐந்து லட்சம் இரண்டு முறை லாபமாகிறது, நிற்கிற பயிர் என்ற சொத்தும் அறுத்து முடிந்த பிறகு புத்தகத்தில் நின்றுகொண்டே இருக்கும். சரியான பதிவில் நெல் இருப்பு பற்று 6,00,000. நிற்கிற பயிர் வரவு 5,00,000. ஆதாயம் வரவு 1,00,000. அறுவடை முடிந்ததும் உயிரியல் சொத்துக் கணக்கைத் திறந்து, அந்த வயலுக்கான மீதி பூஜ்ஜியமாக இருக்கிறதா என்று பார்த்தால் இந்தத் தவறு உடனே அகப்படும்.

இனி ஆடுகள். உங்கள் பண்ணையில் இருப்பது மெட்ராஸ் ரெட் என்று எடுத்துக்கொள்கிறேன். திருவள்ளூர், காஞ்சிபுரம், சென்னை சுற்றுவட்டாரத்துக்கே உரிய செம்மறி இனம் அது. அக்டோபர் 1 அன்று மூன்று மாதக் கிடாக்குட்டிகள் 50 வாங்கினீர்கள், சராசரி எடை 10 கிலோ, உயிர் எடை கிலோ 400 ரூபாய், ஆக ஒன்றுக்கு 4,000. அன்றே திரும்ப விற்பதாக இருந்தால் வண்டிக்கு 100, தரகுக்கு 100 போய் 3,800தான் நிற்கும். புத்தகத்தில் ஏறுவதும் அந்த 3,800. வாங்கிய நாளிலேயே குட்டிக்கு 200 வீதம் 10,000 ரூபாய் நஷ்டம் எழுத வேண்டியிருக்கும். பலர் இதைத் தவறென்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். தவறில்லை, தரநிலையே இதை எதிர்பார்த்துச் சொல்லியிருக்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு: பண்ணையில் ஒரு குட்டி பிறந்தால் செலவே இல்லாமல் ஒரு சொத்து வந்ததாக அன்றே ஆதாயம்.

இடையில் இரண்டு குட்டிகள் செத்துப்போயின. மார்ச் 31 அன்று 48 கிடாக்கள், ஒன்பது மாத வயது, சராசரி 18 கிலோ, அன்றைய உயிர் எடை விலை கிலோ 450. ஒன்றுக்கு 8,100, வண்டியும் தரகும் 200 போக 7,900. மொத்தம் 3,79,200.

3,800 எப்படி 7,900 ஆயிற்று? 4,100 ரூபாய் ஏறியிருக்கிறது. அதில் ஆடு வளர்ந்ததால் எவ்வளவு, விலை ஏறியதால் எவ்வளவு? இதைப் பிரித்துக் காட்டத் தரநிலை கட்டாயப்படுத்தவில்லை, ஊக்குவிக்கிறது. நான் கட்டாயம்போலவே செய்யச் சொல்வேன், ஏனென்றால் பண்ணை மேலாளரை இதை வைத்துத்தான் எடைபோட முடியும். பிரிக்கும் வழி எளிது. அக்டோபரில் இருந்த அதே மூன்று மாத, பத்துக் கிலோ குட்டி மார்ச் 31 சந்தையில் என்ன விலை போகும் என்று கேளுங்கள். கிலோ 450 என்றால் 4,500, செலவு போக 4,300. ஆகவே 3,800க்கும் 4,300க்கும் உள்ள 500 விலை ஏற்றம். 4,300க்கும் 7,900க்கும் உள்ள 3,600 வளர்ச்சி.

48 ஆடுகளுக்கும் சேர்த்து எழுதினால், ஆட்டுக் கணக்கு இப்படி ஓடும். வாங்கியது 2,00,000. முதல் நாள் நஷ்டம் 10,000 கழிந்தால் 1,90,000. செத்த இரண்டுக்கு 7,600 கழிந்தால் 1,82,400. விலை ஏற்றம் 24,000 கூடினால் 2,06,400. வளர்ச்சி 1,72,800 கூடினால் 3,79,200. கணக்கு மூடிவிட்டது. இந்த வரிசையைத்தான் ஆண்டறிக்கைக் குறிப்பில் ஆரம்ப மதிப்பிலிருந்து இறுதி மதிப்புவரை என்று கேட்கிறார்கள். விற்பனை இருந்தால் அதற்கும் ஒரு வரி.

தீவனம், தடுப்பூசி, மேய்ப்பவர் கூலி என்று ஆறு மாதத்தில் 1,00,000 ஆனது. இதை எங்கே போடுவது என்று தரநிலை விதிக்கவில்லை. செலவாக எழுதினால் நிகர ஆதாயம் 1,79,200, செலவு 1,00,000, லாபம் 79,200. ஆட்டின் மதிப்பில் கூட்டினால் சொத்து ஒரு லட்சம் உயரும். ஆனால் முடிவு மதிப்பு 3,79,200தான் என்பதால் ஆதாயம் ஒரு லட்சம் குறைந்து 79,200 ஆகும். கடைசி வரி மாறாது. செலவாகவே எழுதுவதைத்தான் நான் விரும்புவேன். தீவனத்துக்கு எவ்வளவு போட்டோம், வளர்ச்சி எவ்வளவு வந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் தெரியும்: ஒரு லட்சத்துக்கு 1,72,800. எந்த முறை எடுத்தாலும் மாறிமாறிப் போடாதீர்கள்.

எந்த விலையை எடுப்பது என்பதில்தான் ஆடிட்டர்களோடு அதிகம் வாக்குவாதம் வரும். பெரம்பூர், புளியந்தோப்புப் பக்கத்தில் கறிக்கடை விலையைக் கேட்டு எழுதுவது முதல் தவறு. அது எலும்போடு வெட்டிய கறியின் சில்லறை விலை. உயிரோடு நிற்கிற செம்மறியில் கறியாகத் தேறுவது எடையில் பாதிக்கும் குறைவாகத்தான் இருக்கும், கடைக்காரர் லாபமும் அதில் இருக்கிறது. நமக்கு வேண்டியது உயிர் எடை விலை, அதுவும் அதே வயது, அதே தரத்துக்கு. ஆட்டுத்தொட்டி என்கிற ஆடறுக்கும் கூடத்துக்கு ஆடு ஏற்றுகிற வியாபாரிகள் இரண்டு மூன்று பேரிடம் மார்ச் 31 ஒட்டிய நாட்களின் கொள்முதல் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எடையையும் குத்துமதிப்பாகப் போட வேண்டாம். காதுத் தோட்டு எண்ணோடு ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்திய பட்டியலை ஆடிட்டர் கேட்பார். ஒரு கிலோ தவறினால் 48 ஆட்டில் 21,600 ரூபாய் லாபம் நகர்ந்துவிடும்.

இரண்டாவது, பக்ரீத். மே, ஜூன் பக்கம் பக்ரீத் வரும் ஆண்டுகளில் பட்டியில் நிற்கும் கிடாவுக்கு நல்ல விலை வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்காக மார்ச் 31 அன்று பக்ரீத் விலையை எடுக்க முடியாது. அன்று அந்த ஆட்டை வாங்குகிறவர் என்ன கொடுப்பாரோ அதுதான். வரப்போகிற கிராக்கியை எண்ணி அன்றே வாங்குகிறவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்தால் அது அன்றைய விலையிலேயே இருக்கும், நாம் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. மே மாதம் செலவு போக 9,300க்கு விற்றால், 7,900க்கு மேல் வந்த 1,400 அடுத்த ஆண்டின் லாபம்.

மூன்றாவது, ஒப்பந்த விலை. ஒரு ஓட்டலுக்குக் கிலோ 420 வீதம் கொடுப்பதாக ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், சந்தை 450 என்றால் எதை எடுப்பது? 450ஐத்தான். ஒருவரோடு போட்ட ஒப்பந்தம் சந்தை நிலவரத்தை மாற்றாது. அந்த ஒப்பந்தத்தால் நஷ்டம் நிச்சயம் என்றானால் அதற்கு ஒதுக்கீடு செய்வது வேறு தரநிலையின் வேலை, ஆட்டின் மதிப்பில் கை வைக்கக் கூடாது.

குட்டி போடுவதற்காக வைத்திருக்கும் பெட்டை ஆடுகளும் இதே முறையில்தான். "அவற்றை விற்கப்போவதில்லையே, எந்திரம் மாதிரி தேய்மானம் போடலாமே" என்று கேட்பார்கள். தென்னை, தேயிலை போல் பல ஆண்டு காய்க்கும் செடிகளுக்கு 2016 முதல் அந்த வழி இருக்கிறது. விலங்குகளுக்கு இல்லை. வயது ஏற ஏறப் பெட்டையின் மதிப்பு குறையும், அந்தக் குறைவு நியாய மதிப்பு நஷ்டமாகவே வரும். மதிப்பே கணிக்க முடியவில்லை என்று சொல்லி அடக்க விலையில் வைக்க ஒரு வாசல் உண்டு. ஆனால் அதை விலங்கை முதன்முதலில் புத்தகத்தில் ஏற்றும்போது மட்டும்தான் சொல்ல முடியும், வாரம்தோறும் சந்தை கூடுகிற ஆட்டுக்கு யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அறுத்த விளைபொருளுக்கு அந்த வாசலே கிடையாது.

கடைசியாக, பணம் வராத லாபத்தை என்ன செய்வது? நிறுவனங்கள் சட்டம் 2013இன் 123ஆம் பிரிவு, ஈவுத்தொகை கொடுக்க லாபத்தைக் கணக்கிடும்போது கைக்கு வராத ஆதாயங்களையும், நியாய மதிப்பில் அளந்ததால் சொத்தின் மதிப்பில் வந்த மாற்றத்தையும் விலக்கச் சொல்கிறது. பட்டியில் நிற்கும் கிடாக்களின் வளர்ச்சியும் விலை ஏற்றமும் அதில் அடங்கும். கிடங்கில் விற்காமல் கிடக்கும் 200 குவிண்டாலின் அறுவடை ஆதாயமும் அடங்கும் என்பதே என் கருத்து. இதற்காகத் தனித் தாள் ஒன்று வைத்து, விற்க விற்க அதிலிருந்து விடுவித்துக்கொண்டே வாருங்கள். வரியிலும் இரண்டுக்கும் வழி வேறு. சொந்தச் சாகுபடி நெல்லின் வருமானம் விவசாய வருமானம், மத்திய வருமான வரி இல்லை. ஆடு வளர்ப்பு வருமானம் விவசாய வருமானம் ஆகாது, வியாபார வருமானமாக விற்கும்போது வரி வரும். ஆகவே புத்தகத்தில் 3,79,200 ஆகவும், வரிக் கணக்கில் வாங்கிய விலையான 1,92,000 ஆகவும் நிற்கும் ஆடுகளின் வித்தியாசத்துக்கு, அதாவது 1,87,200க்கு, தள்ளிவைத்த வரிப் பொறுப்பு எழுத வேண்டும். நெல் ஆதாயத்தையும் சேர்த்து மொத்தத் தொகைக்கும் வரி விகிதத்தைப் போட்டுவிடாமல், ஆட்டுக்கு மட்டும் தனியாகக் கணக்கிட்டு ஆடிட்டரிடம் கொடுங்கள்.